ஒரு கப்பா, இரண்டு கப்பா?

2020-ஆம் வருஷம் மே மாதம், டில்லி உயர் நீதிமன்றம் ஒரு ஆறு விநாடி டிவி விளம்பரத்துக்கு இடைக்காலத் தடை போட்டது. ஊரடங்கு நேரம். எல்லோரும் கபசுரக் குடிநீரும் முகக்கவசமுமாக இருந்தோம், அதனால் பலர் அந்தச் செய்தியைக் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் கவனித்தேன். திண்டுக்கல்லில் ஒரு ஸ்டாக்கிஸ்ட்டிடம் 31 வருஷம் லைன் பார்த்தவன் நான். வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம், வத்தலக்குண்டு என்று மளிகைக் கடை மளிகைக் கடையாக ஏறி இறங்கி ஆர்டர் எடுத்தவன். சத்து பான டப்பாக்கள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. அந்த வழக்கும் இரண்டு சத்து பானங்களுக்கு நடுவில் நடந்ததுதான்: காம்ப்ளானும் ஹார்லிக்ஸும்.

விளம்பரம் சொன்னது ஒரே ஒரு விஷயம். ஒரு கப் காம்ப்ளானில் இருக்கிற புரதம், இரண்டு கப் ஹார்லிக்ஸில் இருக்கிற புரதத்துக்குச் சமம். எதிராளியின் பெயரை மறைக்கவில்லை. 'முன்னணி பிராண்ட்' என்று பூசி மெழுகவில்லை. நேராகவே ஹார்லிக்ஸ் என்றது.

இது பொய்யா? பேப்பர் பேனா எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். காம்ப்ளானில் 100 கிராமுக்கு 18 கிராம் புரதம். டப்பாவில் ஒரு கப்புக்குப் போடச் சொல்லியிருந்த அளவு 33 கிராம். ஆக ஒரு கப்பில் 5.94 கிராம். ஹார்லிக்ஸில் 100 கிராமுக்கு 11 கிராம். ஒரு கப்புக்குச் சொன்ன அளவு 27 கிராம். ஒரு கப்பில் 2.97 கிராம், இரண்டு கப்பில் 5.94. தசம புள்ளி வரை ஒத்துப்போகிறது. கணக்கில் பிசகே இல்லை.

பிசகு கப்பில் இருக்கிறது. ஒரு கப்பில் 33 கிராம் மாவு விழுகிறது, இன்னொரு கப்பில் 27 கிராம்தான். அதே 33 கிராம் ஹார்லிக்ஸ் போட்டால் 3.63 கிராம் புரதம் கிடைக்கும். அப்போது காம்ப்ளான் எத்தனை மடங்கு என்றால் 1.6-ஐக் கொஞ்சம் தாண்டும். இரண்டு இல்லை. அதாவது எடைக்கு எடை வைத்தாலே காம்ப்ளான் ஜெயிக்கிறது. மிச்சம் இருந்ததை ஸ்பூன் கொடுத்தது.

இதில் காம்ப்ளான் பக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். 33, 27 என்ற அளவுகளை அவர்கள் விளம்பரத்துக்காகக் கண்டுபிடிக்கவில்லை. அந்தந்தக் கம்பெனி தன் டப்பாவில் தானே அச்சடித்தது. 'நீ உன் கப் 27 கிராம் என்கிறாய், நான் என் கப் 33 என்கிறேன், கப்புக்குக் கப் ஒப்பிட்டேன், இதில் என்ன தப்பு?' என்று கேட்டால் உடனே பதில் சொல்ல வராது. அளவு இன்னதென்று பார்ப்பவருக்குத் தெரியும்படி வைத்துவிட்டால், உண்மையிலேயே தப்பில்லைதான். பத்திரிகையில் வருகிற விளம்பரமாக இருந்தால் வாசகர் அடிக்குறிப்பைத் திரும்பப் படித்துக்கொள்ளலாம். ஆறு விநாடியில் யார் படிப்பது? கப்பின் அளவு பற்றிய குறிப்பு திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஓடியது, குரலில் வரவில்லை. பார்க்கிற தாய்மாருக்கு மனதில் நிற்பது ஒரு கப், இரண்டு கப், அவ்வளவுதான். நீதிமன்றம் பிடித்துக்கொண்டதும் அந்த இடத்தைத்தான். ஒப்பிட்டதற்காகவோ பெயர் சொன்னதற்காகவோ தடை வரவில்லை. எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்பது பார்ப்பவருக்குப் போய்ச் சேராததால் வந்தது.

என் அனுபவத்தில் இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். நம் வீடுகளில் யாரும் 27 கிராம், 33 கிராம் என்று நிறுத்துப் போடுவதில்லை. எந்த டப்பாவாக இருந்தாலும் அதே ஸ்பூன், அதே கும்பாச்சி இரண்டு ஸ்பூன். டப்பா தீரப்போகிற மாதக் கடைசியில் ஒரு ஸ்பூன். அந்தக் கையில் 'இரண்டு மடங்கு' என்பது எப்போதுமே 1.6 மடங்குதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எதிராளி பெயரைச் சொன்னாலே கேஸ் ஆகிவிடும் என்று எங்கள் எல்லோருக்கும் ஒரு பயம். டிவியில் 'சாதாரண சோப்பு' என்று லேபிள் இல்லாத ஒரு கட்டியைக் காட்டுவார்கள், ஆனால் நிறத்தையும் வடிவத்தையும் பார்த்தே இன்ன சோப்பு என்று குழந்தை கூடச் சொல்லிவிடும். சட்டம் அப்படிப் பெயர் சொல்லக்கூடாது என்று சொல்லவே இல்லை. 1999-ஆம் வருஷத்து வணிகக் குறிச் சட்டம், நேர்மையான வியாபார வழக்கப்படி இருந்தால் அடுத்தவர் பிராண்ட் பெயரைச் சுட்டிக்காட்ட இடம் கொடுக்கிறது. அதை அநியாய லாபத்துக்கோ, அந்தப் பெயரைக் கெடுக்கவோ பயன்படுத்தக் கூடாது என்பதுதான் நிபந்தனை. 1985-லிருந்து இருக்கிற விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலின் விதிகளும் பெயர் சொல்லி ஒப்பிடுவதை ஒத்துக்கொள்கின்றன. உன் பொருளில் எதை, அவன் பொருளில் எதோடு ஒப்பிடுகிறாய் என்று தெளிவாகச் சொல். உனக்குச் சாதகமாக வருகிற மாதிரி ஒப்பிடும் விஷயத்தைச் செயற்கையாகத் தேர்ந்தெடுக்காதே. சொன்னதை நிரூபிக்க ஆதாரம் வைத்துக்கொள். அடுத்தவனை மட்டம் தட்டாதே. சாரம் இவ்வளவுதான்.

மட்டம் தட்டுவது என்றால் என்ன என்பதற்கு 2010 பிப்ரவரியில் வந்த ரின் விளம்பரம் நல்ல பாடம். இரண்டு அம்மாக்கள் பள்ளி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள். ஒருத்தர் கூடையில் ரின், இன்னொருவர் கூடையில் டைட் நேச்சுரல்ஸ், பாக்கெட் பளிச்சென்று தெரிகிறது. டைட் அம்மா தன் பாக்கெட்டைப் பற்றிப் பெருமை பேசுகிறார். பஸ் வருகிறது. ரின் அம்மாவின் மகன் சட்டை வெள்ளை வெளேர். மற்றப் பையனின் சட்டை மங்கல். அந்த அம்மா முகம் விழுந்துவிடுகிறது. போதாததற்கு, டைட்டின் சொந்த விளம்பர வாசகத்தையே திருப்பி, ரின் பையன் கேலியாகக் கேட்கிறான். ஆய்வக சோதனை என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுத்தச் சொல்லிவிட்டது.

'ரின் இன்னின்ன சோதனையில் இவ்வளவு வெள்ளை, டைட் நேச்சுரல்ஸ் இவ்வளவு வெள்ளை' என்று இரண்டு எண்ணைப் போட்டிருந்தால் அது ஒப்பீடு. டைட் வாங்கிய பெண்ணை நாலு பேர் முன்னால் அவமானப்பட வைத்தால் அது வேறு சமாச்சாரம். மங்கலான சட்டையை எவ்வளவு மங்கலாகக் காட்டுவது என்பதற்கு எந்த ஆய்வகமும் அளவு கொடுப்பதில்லை. கேமராக்காரரும் துணிக்காரரும் தீர்மானிப்பது அது.

இவ்வளவும் என் மண்டையில் சும்மா கிடந்த விஷயங்கள்தான். போன வருஷம் என் அக்கா மகள் நாகல் நகரில் சத்துமாவு வியாபாரம் ஆரம்பித்த பிறகுதான் வேலைக்கு வந்தது. கம்பு, கேழ்வரகு, கோதுமை, பச்சைப் பயறு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, கொஞ்சம் ஏலக்காய். முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைவை மில்லில் கொடுத்து அரைத்து, அரைக் கிலோ பாக்கெட். மாப்பிள்ளை நோட்டீஸ் அடிக்க ஒரு மேட்டர் எழுதிக்கொண்டு வந்தார்.

"மாமா, நீங்க லைன்ல இருந்தவங்க. ஒரு தடவை பார்த்துடுங்க."

ஒரு பெரிய கம்பெனியின் பானத்தைப் பெயரோடு போட்டு (இங்கே நான் அந்தப் பெயரைப் போடப்போவதில்லை), அதைவிட எங்கள் சத்துமாவில் சத்து அதிகம், ஒரு டம்ளருக்கு 4.2 கிராம் புரதம், அதில் 2.5 கிராம்தான், அதில் இருப்பதெல்லாம் வெறும் சர்க்கரை, இதுவே இப்படிப்பட்ட ஒரே சத்துமாவு என்று எழுதியிருந்தார்.

கடைசி வரியிலிருந்து தொடங்கினேன். 'ஒரே' என்ற சொல்லை முதலில் அடித்தேன். 2008-ல் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கோல்கேட்டுக்கும் ஆங்கர் பற்பசைக்கும் நடந்த வழக்கு அந்தச் சொல்லைப் பற்றியதுதான். கால்சியம், ஃபுளோரைடு, டிரைக்ளோசான் மூன்றும் உள்ள ஒரே பற்பசை, முழுப் பாதுகாப்பு தரும் முதல் பற்பசை என்று ஆங்கர் விளம்பரம் செய்தது. யாரையும் பெயர் சொல்லித் திட்டவில்லை. ஆனாலும் 'ஒரே', 'முதல்' என்ற இரண்டு சொல்லையும் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவானது. 'ஒரே' என்றால் மற்ற எல்லோரிடமும் அது இல்லை என்று சொல்வதாகிறது, எல்லோரையும் சோதித்தவர் யார்? அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த கருத்து ஒன்று உண்டு. இரண்டு வியாபாரிகள் ஒருவரை ஒருவர் திட்டாமல் ஆளுக்கு ஆள் சும்மா பீற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நஷ்டமில்லை, நடுவில் வாங்குகிறவர்தான் கைவிடப்படுகிறார் என்பது அதன் சாரம். திண்டுக்கல்லில் 'ஒரிஜினல்' என்ற சொல்லை எத்தனை பலகையில் பார்க்கிறோம், சொல்லுங்கள். நம் ஊருக்கு இது புரியாத விஷயமில்லை.

அடுத்தது 'சத்து அதிகம்'. சத்து என்பது நம் பேச்சில் எல்லாவற்றையும் மூடுகிற போர்வை. புரதம், இரும்பு, வைட்டமின், பசி தாங்குவது எல்லாம் அதற்குள் வந்துவிடும். கம்பெனி பானத்தில் வைட்டமின்களும் இரும்பும் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள், டப்பாவில் பட்டியல் இருக்கிறது. நம் மாவில் அவை எவ்வளவு என்று அளந்தே பார்க்கவில்லை. அப்புறம் எப்படி 'சத்து அதிகம்' என்பது? புரதம் என்றால் புரதம் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"புரதம்னு போட்டா ஜனங்களுக்குப் புரியுமா மாமா?" என்றாள் அக்கா மகள்.

"புரியற அளவுக்குப் புரியட்டும்மா. புரியாததைச் சொல்லி வித்தா நாளைக்கு நீதான் பதில் சொல்லணும்" என்றேன்.

சிக்கலே அந்த 4.2-லும் 2.5-லும்தான். மாப்பிள்ளை கணக்கு இப்படி. நம் மாவில் 100 கிராமுக்கு 14 கிராம் புரதம், ஒரு டம்ளர் கஞ்சிக்கு 30 கிராம் மாவு, ஆக 4.2. அவர்கள் டப்பாவில் 100 கிராமுக்கு 10, ஒரு கப்புக்கு 25 கிராம், ஆக 2.5. முதலில் காம்ப்ளான் கதை மாதிரியே 30-ம் 25-ம் சமமில்லை. ஆனால் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அந்தப் பானத்தை 200 மில்லி பாலில் கலக்கச் சொல்கிறார்கள். நம் கஞ்சி தண்ணீரில் காய்ச்சுவது. 200 மில்லி பாலிலேயே ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. குடிக்கிற டம்ளரை ஒப்பிட்டால் அவர்கள் டம்ளரில் எட்டரை கிராமுக்குக் குறையாது, நம் டம்ளரில் 4.2. 'ஒரு டம்ளருக்கு' என்ற சொல் இருக்கிற வரை மாப்பிள்ளையின் வரி தலைகீழாக நிற்கிறது. எண்கள் இரண்டும் சரி, வாக்கியம் தப்பு.

ஆகவே ஒப்பிட முடிவது உலர்ந்த மாவை மட்டும்தான், 100 கிராமுக்கு 100 கிராம். டம்ளர், கப், ஸ்பூன் எல்லாம் வெளியே.

14 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். இணையத்தில் ஒவ்வொரு தானியத்துக்கும் பார்த்துக் கூட்டிப் போட்டேன் என்றார். அது போதாது. முளைகட்டி, வறுத்து, அரைத்த பிறகு உள்ள மாவைத்தான் சோதிக்க வேண்டும். மதுரையில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நம் மாவை மட்டும் இல்லை, கடையில் பில்லோடு வாங்கின அந்தப் பானத்தின் சீல் உடைக்காத டப்பாவையும் சேர்த்து. செலவு இரண்டு மடங்கு. மாப்பிள்ளை முகம் சுளித்தார். டப்பாவிலேயே எண் போட்டிருக்கிறதே என்றார்.

காரணம் சொன்னேன். புரதத்தை ஆய்வகம் நேராக அளப்பதில்லை. மாவில் உள்ள நைட்ரஜனை அளந்து ஒரு எண்ணால் பெருக்குகிறார்கள், வழக்கமாக 6.25. கோதுமைக்கும் பாலுக்கும் வேறு வேறு எண் வைக்கிற பழக்கமும் உண்டு. நம்முடையதை ஒரு பெருக்கலிலும் அவர்களுடையதை இன்னொரு பெருக்கலிலும் எடுத்து வைத்தால் மறுபடியும் கப் கதைதான். தவிர, லேபிளில் அச்சடித்த எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் கொஞ்சம் ஏற இறங்க இருக்கும். ஒரே ஆய்வகம், ஒரே முறை, ஒரே வாரம் என்றால் நாளை யாராவது வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் காகிதத்தை எடுத்து நீட்டலாம். கடை பில், டப்பாவின் பேட்ச் எண், எல்லாப் பக்கமும் எடுத்த போட்டோ, இரண்டு அறிக்கைகள் எல்லாம் இப்போது ஒரு ஃபைலில் இருக்கின்றன.

அறிக்கை வந்தது. நம்முடையது 13.1. அவர்களுடையது 10.3. வித்தியாசம் நினைத்ததைவிடச் சுருங்கிவிட்டது. ஆனால் அது கையில் பிடித்துக் காட்டக்கூடிய வித்தியாசம்.

சர்க்கரை வரிக்குத்தான் நிறைய நேரம் பேசினோம். அவர்கள் டப்பாவிலேயே சேர்த்த சர்க்கரை 100 கிராமுக்கு இவ்வளவு என்று இருக்கிறது. நாம் சேர்ப்பதில்லை. இதை இரண்டு எண்ணாகப் போடலாம், உண்மை. 'வெறும் சர்க்கரை' என்று போட்டால் அது வசவு, பொய்யும் கூட. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விதிகளும், அடுத்த உற்பத்தியாளரின் பொருளைத் தாழ்த்தி நம்முடையதை உயர்த்துகிற மாதிரி உணவு விளம்பரம் செய்யக் கூடாது என்கின்றன. எண்ணை எழுதி விட்டுவிடுங்கள் என்றேன். கூடவே, நம் கஞ்சியில் குழந்தைக்கு வீட்டில் வெல்லமோ சீனியோ போடத்தான் போகிறார்கள், அதனால் 'சேர்த்து விற்கவில்லை' என்றுதான் எழுத வேண்டும், 'சர்க்கரை இல்லாத பானம்' என்று எழுதக் கூடாது என்றேன். அக்கா மகள் சிரித்துவிட்டாள். அவள் மகனுக்கே மூன்று ஸ்பூன் நாட்டுச் சர்க்கரை இல்லாமல் கஞ்சி இறங்காது.

கடைசியில் நோட்டீஸில் வந்தது இதுதான். 100 கிராம் உலர்ந்த மாவில் புரதம்: எங்கள் சத்துமாவு 13.1 கிராம், அவர்கள் பானத்தின் முழுப் பெயர், எந்த வகை என்பதோடு, 10.3 கிராம். சேர்த்த சர்க்கரை இரண்டுக்கும். 500 கிராம் விலை இரண்டுக்கும், இன்ன தேதியில் பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. என்று. அதன் கீழேயே, அதே எழுத்து அளவில், தமிழில்: சோதனை நடந்த மாதம், ஒரே ஆய்வகம், பால் சேர்க்காமல் மாவை மட்டும் சோதித்தது, வைட்டமின் இரும்புச் சத்து ஒப்பிடப்படவில்லை. குறிப்பு மூலச் செய்தியின் மொழியிலேயே, அதே எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதலில் இருக்கிறது. குரலில் சொன்னால் குறிப்பும் குரலோடு சேர்ந்து, அதே வேகத்தில் வர வேண்டும் என்கிறது. அந்த ஆறு விநாடி விளம்பரம் நினைவுக்கு வருகிறதா? தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறையே பத்து லட்சம் வரை அபராதம் போட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நாகல் நகர் சத்துமாவைத் தேடி யாரும் டில்லியிலிருந்து வரப்போவதில்லைதான். ஆனாலும் மாப்பிள்ளைக்கு அந்த எண்ணை மட்டும் இரண்டு தரம் சொன்னேன்.

அவர்கள் லோகோவையும் டப்பாப் படத்தையும் போடவில்லை. பெயர் சாதாரண எழுத்தில். பெயர் சொன்னால் போதும், அவர்கள் எழுத்தழகும் நிறமும் நமக்கு எதற்கு?

1000 நோட்டீஸ் அடித்து, 600 போல விநியோகம் ஆனது. பஸ் ஸ்டாண்டு பக்கம் இரண்டு மெடிக்கல் கடைக்காரர்கள் நோட்டீஸைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தார்கள். ஒருவர் ஃபைலைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் ஒட்டினார், அது எனக்குப் பிடித்திருந்தது. மிச்சம் 400 இப்போது கட்டாகப் பரணில் கிடக்கிறது. நிலக்கடலை விலை ஏறியதும் அக்கா மகள் அதைக் குறைத்துக் கேழ்வரகைக் கூட்டிவிட்டாள். ருசி மாறவில்லை, வாங்குகிறவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் 13.1 என்பது பழைய மாவின் எண். கேழ்வரகில் புரதம் குறைவு. புது மாவு மதுரைக்குப் போய் அறிக்கை வரும் வரை கட்டைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தக் கம்பெனிக்காரர்களும் இதற்குள் லேபிள் மாற்றியிருக்கிறார்களா என்று புது டப்பா ஒன்று வாங்கிப் பார்க்க வேண்டும்.